நெல்லா, கடலையா? உற்பத்தி வாய்ப்பு வளைகோடு சொல்லும் கணக்கு

கையிலுள்ள நிலம், ஆள், கருவி, தொழிலறிவு அத்தனையையும் முழுக்கப் பயன்படுத்தினால் இரண்டு பொருள்களை எந்தெந்த அளவில் சேர்த்து உற்பத்தி செய்ய முடியும் என்று காட்டும் கோட்டுக்கு உற்பத்தி வாய்ப்பு வளைகோடு என்று பெயர். பொருளியல் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் வரையும் படங்களில் இதுவும் ஒன்று. படுக்கைக் கோட்டில் ஒரு பொருள், செங்குத்துக் கோட்டில் இன்னொரு பொருள், இரண்டையும் இணைத்து வெளிப்புறமாகப் புடைத்து இறங்கும் ஒரு வளைவு, அவ்வளவுதான் படம். வரைவது எளிது. அந்தக் கோடு ஏன் நேராக இறங்காமல் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான் பெரும்பாலோர் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறார்கள். படத்தின் உயிர் அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கிராமம் போதும். அங்கே சாகுபடி நிலம் எண்பது ஏக்கர். விளைவது இரண்டே பயிர், நெல்லும் நிலக்கடலையும். எண்பது ஏக்கரும் ஒரே மாதிரி மண் அல்ல. ஏரி மடையை ஒட்டி இருபது ஏக்கர் களிமண். அதை மடையடி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த இருபது ஏக்கர் நடுவயல். அதையும் தாண்டி, தண்ணீர் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்து சேரும் இருபது ஏக்கர் சரிவு நிலம். கடைசி இருபது ஏக்கர் செம்மண்ணும் மணலும் கலந்த மேட்டுக்கொல்லை.

மடையடியில் நெல் நட்டால் ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டுமுதல் ஆகும். அதே மண்ணில் கடலை போட்டால் ஐந்து மூட்டை தேறுவதே பாடு. கடலைச் செடி பூத்தபின் அதன் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்க வேண்டும். இறுகிய களிமண்ணில் விழுது இறங்காது. இறங்கிப் பிடித்த காயும் தண்ணீர் தேங்கினால் அழுகும். பிடுங்கும்போது காம்பு அறுந்து பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். மேட்டுக்கொல்லையின் கதை நேர் எதிர். பொலபொலவென்ற மண், செடியைப் பிடித்து இழுத்தால் காய்க்கொத்து முழுதாக வரும். ஏக்கருக்கு இருபது மூட்டைக் கடலை. ஆனால் நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீர் அங்கே நிற்பதில்லை. பத்து மூட்டை கிடைத்தால் அதிகம். இரண்டுக்கும் இடையில், நடுவயலில் ஏக்கருக்கு நெல் இருபது மூட்டை அல்லது கடலை பத்து மூட்டை. சரிவு நிலத்தில் எதைப் போட்டாலும் பதினைந்து மூட்டை.

எண்பது ஏக்கரிலும் நெல்லே போட்டால் மொத்தம் 1,500 மூட்டை நெல் கிடைக்கும், கடலை இல்லை. எல்லாவற்றிலும் கடலையே போட்டால் 1,000 மூட்டைக் கடலை கிடைக்கும், நெல் இல்லை. வளைகோட்டின் இரண்டு முனைகள் இவைதாம். ஆயிரத்தைந்நூறு மூட்டை நெல்லும் ஆயிரம் மூட்டைக் கடலையும் ஒரே போகத்தில் எடுக்க அந்த ஊரால் முடியாது. பொருளியலில் பற்றாக்குறை என்பது இதைத்தான் குறிக்கிறது. கடையில் சர்க்கரை தீர்ந்துபோவது தட்டுப்பாடு. லாரி வந்தால் அது நீங்கிவிடும். பற்றாக்குறை அப்படிப்பட்டதல்ல. செழிப்பான ஊருக்கும் பணக்கார நாட்டுக்கும் அது உண்டு. வேண்டுவன எல்லாவற்றுக்கும் போதுமான நிலமும் ஆளும் நேரமும் ஒருபோதும் இருப்பதில்லை. படத்தில் வளைகோட்டுக்கு வெளியே உள்ள வெற்றிடம் முழுவதும் இந்தப் பற்றாக்குறையின் உருவம்.

ஊரில் எல்லாரும் நெல்லே போட்டிருக்கும் நிலையிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். சமையலுக்கு எண்ணெய் வேண்டும், கொஞ்சம் கடலை போட்டாக வேண்டும் என்று ஊரார் முடிவு செய்கிறார்கள். எந்த நிலத்தை முதலில் மாற்றுவார்கள்? யோசிக்கவே தேவையில்லை, மேட்டுக்கொல்லையைத்தான். அங்கே கைவிட்டுப்போவது 200 மூட்டை நெல், வந்து சேர்வது 400 மூட்டைக் கடலை. ஒரு மூட்டைக் கடலைக்காக ஊர் இழந்தது அரை மூட்டை நெல். இப்படி ஒன்றைப் பெறுவதற்காக விட்டுக்கொடுக்கும் மற்றொன்றுதான் அதன் வாய்ப்புச் செலவு. விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் கொடுக்கும் பணத்தைப் பற்றிய பேச்சு இங்கே இல்லை. அந்த நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய, இனி விளையாத நெல்தான் இங்கே செலவு.

இப்போது ஊரில் 1,300 மூட்டை நெல்லும் 400 மூட்டைக் கடலையும் இருக்கின்றன. இன்னும் கடலை வேண்டுமானால் அடுத்தது சரிவு நிலம். அங்கே 300 மூட்டை நெல் போய் 300 மூட்டைக் கடலை வருகிறது. ஒரு மூட்டைக் கடலையின் செலவு ஒரு மூட்டை நெல்லாக ஏறிவிட்டது. கையிருப்பு நெல் 1,000, கடலை 700. அதற்கும் மேல் வேண்டுமென்றால் நடுவயலில் கைவைக்க வேண்டும்: 400 மூட்டை நெல்லை விட்டால் 200 மூட்டைக் கடலை. ஒரு மூட்டைக்கு இரண்டு மூட்டை நெல். கையிருப்பு நெல் 600, கடலை 900. கடைசியில் மிஞ்சுவது மடையடி. அதையும் கடலைக்கு மாற்றினால் 600 மூட்டை நெல்லை இழந்து 100 மூட்டைக் கடலைதான் பெறலாம். ஒரு மூட்டைக் கடலையின் விலை ஆறு மூட்டை நெல்!

வளைகோடு வெளிப்புறமாகப் புடைப்பதன் காரணம் முழுவதும் இந்த நான்கு எண்களில் அடங்கிவிடுகிறது: அரை, ஒன்று, இரண்டு, ஆறு. கடலையைப் படுக்கைக் கோட்டிலும் நெல்லைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து இந்தப் புள்ளிகளைக் குறித்து இணைத்தால், கோடு முதலில் மெல்லச் சரிந்து, பிறகு சற்று வேகமாக இறங்கி, கடைசியில் கிணற்றுச் சுவர் போலச் செங்குத்தாக விழும். மெல்லச் சரியும் இடத்தில் கடலை மலிவு. செங்குத்தாக விழும் இடத்தில் கடலை மிக விலையேறியது. நான்கு துண்டு நிலம் என்பதால் இங்கே நான்கு நேர்க்கோடுகளும் இடையில் மூன்று முனைகளும் தெரியும். நிலம் நானூறு துண்டாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மண்ணாக இருந்தால் முனைகள் மழுங்கி, பாடநூலில் காணும் வழவழப்பான வளைவு வந்துவிடும்.

மறுமுனையிலிருந்து வந்தாலும் இதே கதைதான். எல்லாம் கடலையாக இருக்கும் ஊரில் முதலில் நெல்லுக்கு மாறுவது மடையடி; 100 மூட்டைக் கடலையை விட்டால் 600 மூட்டை நெல், கொள்ளை மலிவு. ஆனால் மேட்டுக்கொல்லையில் விளையும் கடைசி 200 மூட்டை நெல்லுக்கு 400 மூட்டைக் கடலையை விட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் போகப் போகச் செலவு ஏறும். ஒரு பொருளுக்கு மிகவும் ஏற்ற வளங்கள் முதலில் திரும்பும், அதற்குச் சற்றும் ஒவ்வாத வளங்கள் கடைசியில் இழுத்து வரப்படும் என்பதே இந்த ஏற்றத்தின் காரணம்.

எண்பது ஏக்கரும் ஒரே மண்ணாக, எங்கும் சரிவு நிலம் போலவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்த ஏக்கரை மாற்றினாலும் பதினைந்துக்குப் பதினைந்து. செலவு எப்போதும் ஒன்றுதான். அப்போது கோடு ஆட்சிக்கோல் வைத்து வரைந்தது போல நேராக இறங்கும். ஆகவே புடைப்பு என்பது வளங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டின் அளவு. மண் எவ்வளவு மாறுபடுகிறதோ அவ்வளவு புடைப்பு. நிலத்துக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தும். தறியில் இருபது வருடம் உட்கார்ந்தவரும் கொத்து வேலையில் கைதேர்ந்தவரும் ஒருவர் வேலையை ஒருவர் மாற்றிச் செய்தால் துணியும் குறையும், சுவரும் கோணும்.

வினைத்திறன் என்ற சொல்லுக்கும் இதே கிராமம் நல்ல விளக்கம் தருகிறது. வளைகோட்டின் மேலுள்ள எந்தப் புள்ளியும் வினைத்திறன் உள்ளது. அங்கே ஒன்றைக் குறைக்காமல் மற்றொன்றைக் கூட்ட வழியில்லை. கோட்டுக்கு உள்ளே இருக்கும் புள்ளி வீணடிப்பைக் காட்டுகிறது. நிலம் தரிசாகக் கிடந்தால், ஆள் வேலையின்றி உட்கார்ந்தால் ஊர் கோட்டுக்கு உள்ளே போய்விடும் என்பது எல்லாருக்கும் உடனே புரியும். இன்னொரு வழியிலும் உள்ளே போகலாம், அது கண்ணுக்கு எளிதில் தெரியாது.

ஊரில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ‘யாருக்கும் பாரபட்சம் வேண்டாம், ஒவ்வொருவரும் தம் நிலத்தில் பாதியில் நெல்லும் பாதியில் கடலையும் போட வேண்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு சென்ட் நிலம்கூடத் தரிசில்லை, ஒரு கைகூடச் சும்மா இல்லை. கணக்குப் போட்டால் ஊருக்குக் கிடைப்பது 750 மூட்டை நெல், 500 மூட்டைக் கடலை. அதே 500 மூட்டைக் கடலையை மேட்டுக்கொல்லை முழுவதிலும் சரிவு நிலத்தில் ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதியிலும் விளைவித்துவிட்டு, மற்ற இடமெல்லாம் நெல் போட்டிருந்தால் நெல் 1,200 மூட்டை கிடைத்திருக்கும். எல்லாரும் உழைத்தும் 450 மூட்டை நெல் எங்கோ காணாமல் போனது. யாரும் திருடவில்லை, மழையும் பொய்க்கவில்லை. களிமண்ணில் கடலையும் செம்மண்ணில் நெல்லும் போட்டதன் விலை அது. நெல் முனையையும் கடலை முனையையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால் இந்தப் பாதிக்குப்பாதிப் புள்ளி அந்தக் கோட்டின் நடுவில் வந்து உட்காரும். நேர்க்கோட்டுக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள வயிற்றுப் பகுதிதான், மண்ணறிந்து பயிரிட்டதால் ஊருக்குக் கிடைக்கும் லாபம்.

இந்தப் படத்தைச் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் நெல்லையும் கடலையையும் எடுத்துக்கொள்வதில்லை. துப்பாக்கியும் வெண்ணெயும் என்பதே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1948இல் வெளியிட்ட பாடநூல் அதை உலகெங்கும் பரப்பியது. துப்பாக்கி என்றால் போர்த் தளவாடம், வெண்ணெய் என்றால் மக்களின் நுகர்வுப் பொருள். அந்தத் தலைமுறை அமெரிக்கர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. அதைத்தான் அவர்கள் சற்றுமுன் வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் படையில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1940இலும் வேலையின்மை சுமார் 15 சதவீதம் இருந்தது. ஆலைகள் மூடிக் கிடந்தன, ஆள்கள் வரிசையில் நின்றார்கள்; நாடு வளைகோட்டுக்கு வெகு உள்ளே இருந்தது. ஆகவே போருக்கான உற்பத்தி தொடங்கியபோது முதலில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சும்மா கிடந்த கைகளும் எந்திரங்களும் வேலைக்கு வந்தன. 1941இல் பீரங்கி வண்டிகளும் பெருகின, மக்களுக்கான கார்களும் முப்பது லட்சத்துக்கு மேல் விற்பனைக்கு வந்தன. உள்ளேயுள்ள புள்ளியிலிருந்து கோட்டை நோக்கி நகரும்போது இரண்டு பொருள்களும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

கோட்டை நெருங்கியதும் அந்தச் சலுகை முடிந்தது. 1942 பிப்ரவரியில் மக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் சர்க்கரைக்கும் காப்பிக்கும் பங்கீடு வந்தது. 1943 மார்ச்சில் வெண்ணெய்க்கே பங்கீட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. பாடநூலில் உவமையாக வந்த வெண்ணெய், அந்த ஆண்டு வீட்டுச் சமையலறையில் உண்மையாகவே குறைந்தது.

செலவு ஏறுவதையும் அந்தப் போரில் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டப் பெரிய ஆலை ஒன்றை எழுப்பியது. கார் கட்டுவதில் உலகிலேயே தேர்ந்த நிறுவனம் அது. ஆனாலும் 1942இல் ஆலை தடுமாறியது. எஃகுத் தகட்டுக்குப் பழகிய கைகளுக்கு விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகடு புதிது. அச்சுகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கானோருக்கு ஆணி அறையும் முறையிலிருந்தே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. 1944க்குள் அதே ஆலை ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் என்ற வேகத்தை எட்டியது. ஒன்றுக்காகப் பழகிய வளத்தை இன்னொன்றுக்குத் திருப்பினால் முதலில் நிறைய இழந்து கொஞ்சமே கிடைக்கும். காலம் கொடுத்தால் வளமே மாறிக்கொள்ளும். ஆகவே வளைவின் புடைப்பு குறுகிய காலத்தில் கூர்மையாகவும், நீண்ட காலத்தில் சற்றுத் தணிந்தும் இருக்கும்.

வளைகோடு ஓரிடத்தில் அறைந்து வைத்ததும் அல்ல. இருக்கும் வளத்துக்கும் அறிவுக்கும் வரைந்த எல்லை என்பதால், அவை மாறினால் அதுவும் நகரும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. குட்டையாக, உரத்துக்குச் சாயாமல் நின்று, நிறையக் கதிர் பிடிக்கும் ரகம் அது. நம் கிராமத்துக்கு அப்படியொரு விதை வந்தால் செங்குத்துக் கோட்டில் நெல் முனை உயரும். கடலை முனை இருந்த இடத்திலேயே இருக்கும். வளைவு ஒரு பக்கம் மட்டும் விரியும். அப்படியும் ஊருக்கு இரண்டும் கூடலாம் என்பது கவனிக்கத்தக்கது. தேவையான நெல் முன்பைவிடக் குறைந்த ஏக்கரில் விளைந்துவிட்டால், மிஞ்சும் நிலம் கடலைக்குப் போகும்.

கோடு உள்ளே சுருங்குவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையில் கடல்நீர் வயல்களுக்குள் புகுந்து உப்பைப் படிய விட்டுச் சென்றது. உழவர்களின் திறமை குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. மண் கெட்டதால் எல்லையே பின்வாங்கியது. வேலையின்மையால் உள்ளே இருப்பதும் எல்லை சுருங்குவதும் வெவ்வேறு நோய்கள். முன்னதற்கு, சும்மா இருக்கும் கைக்கு வேலை கிடைத்தால் போதும். பின்னதற்கு வளத்தையே மீட்க வேண்டும். வயலில் நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, ஜிப்சம் இட்டு, பசுந்தாள் உரம் மடக்கி உழுது உப்பை வெளியேற்ற வேண்டும். பார்வைக்கு இரண்டிலும் விளைச்சல் குறைவுதான். எது எது என்று பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் பலிக்காது.

இந்தப் படத்தின் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். எப்போதும் கோடு வெளியே புடைத்தே தீரும் என்ற விதி இல்லை. அதிகமாகச் செய்யச் செய்ய மலிவாகும் தொழில்களில், கொஞ்சம் இது கொஞ்சம் அது என்று பிரித்தால் இரண்டுமே நட்டமாகி, கோடு உட்குழிவதும் உண்டு. விளைந்ததை யார் எவ்வளவு கொண்டுபோகிறார்கள் என்பதைப் பற்றியும் படம் ஒன்றும் பேசுவதில்லை. கோட்டின் மேல் இருக்கும் ஊரிலும் ஒரே வீட்டில் நெல் குவிந்து மற்ற வீடுகளில் அடுப்பு எரியாமல் இருக்கலாம். வினைத்திறன் வேறு, நியாயம் வேறு.

கோட்டின் மேல் எந்தப் புள்ளி நல்லது என்றும் கோடு சொல்லாது. அதற்கு ஊரின் தேவையோ சந்தை விலையோ வேண்டும். ஒரு மூட்டைக் கடலைக்குச் சந்தையில் ஒன்றரை மூட்டை நெல்லின் விலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுக்கொல்லையில் கடலையின் செலவு அரை மூட்டை நெல், சரிவில் ஒரு மூட்டை. இரண்டிலும் கடலை போடுவது லாபம். நடுவயலில் செலவு இரண்டு மூட்டை. அங்கே நெல்லே நிற்கும். ஆக ஊர் 1,000 மூட்டை நெல், 700 மூட்டைக் கடலை என்ற புள்ளியில் வந்து நிற்கும். யாரும் கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை, அவரவர் தம் மண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டாலே போதும். கடலை விலை இரண்டரை மூட்டை நெல்லுக்குச் சமமாக ஏறினால் நடுவயலும் கடலைக்கு மாறும். மடையடிக்குக் கடலை வர வேண்டுமானால் அதன் விலை நெல்லைப்போல் ஆறு மடங்கைத் தாண்ட வேண்டும். அதுவரை ஏரி மடையை ஒட்டிய வயலில் நெல்தான் விளையும்.